தூக்கிவாரிப் போடும் அந்த நொடி: விழும் கனவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்க ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் வேலை எனக்கு. இரவு ஒன்பது மணிக்கு ஆள் வந்தால் தலையிலும் தாடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஒயர் ஒட்டிவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து விடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காலையில் பசையைத் துடைத்து ஒயரைக் கழற்றும்போது பலரும் வந்த வியாதியை விட்டுவிட்டுக் கனவைப் பற்றித்தான் கேட்பார்கள். அதிலும் விழுகிற கனவைப் பற்றி. அந்தக் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

கண் அசந்ததுமே எங்கிருந்தோ விழுவது மாதிரி தூக்கிவாரிப் போடுகிறது. இது என்ன?

"தூக்கிவாரிப் போட்டது" என்று நம் வீடுகளில் சொல்வதைவிடப் பொருத்தமான பெயர் இதற்கு இல்லை. மருத்துவத்தில் ஹிப்னிக் ஜெர்க் என்பார்கள், தூக்கத் துவக்க உதறல் என்று வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேரைக் கேட்டால் ஆறேழு பேராவது வாழ்க்கையில் ஒருமுறை அனுபவித்திருப்பார்கள். இது வியாதிக் கணக்கில் வராது.

நடப்பது இதுதான். விழிப்பிலிருந்து தூக்கத்துக்குப் போவது விளக்கை அணைப்பது போல ஒரே தட்டில் முடிவதில்லை. மூளையின் அடியில், கழுத்துக்கு மேலே இருக்கும் மூளைத்தண்டில் நம்மை விழித்திருக்க வைக்கும் நரம்புக் கூட்டங்கள் இருக்கின்றன. அதற்குச் சற்று மேலே, ஹைபோதலாமஸ் பகுதியில் தூங்க வைக்கும் கூட்டம் இருக்கிறது. ஒன்று தாழ்ந்தால் மற்றது எழும், பூங்காவில் பிள்ளைகள் ஆடும் ஏற்றப்பலகை மாதிரி. பலகை ஒரு பக்கம் சாய்ந்து நிலைக்கும் முன் சில நிமிடம் ஆடும். அந்த ஆட்டத்தின் நடுவே மூளைத்தண்டிலிருந்து ஒரு கட்டளை தவறிப்போய்த் தண்டுவடம் வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கை, கால், உடம்பு எல்லாம் ஒரே சமயத்தில் சுருங்கும். கால் நொடிகூட நீடிக்காது. ஆனால் இதயம் படபடக்கும், மூச்சு வேகமாகும், சிலருக்கு வேர்க்கும். சிலர் ஒரு பளிச்சென்ற வெளிச்சத்தையோ டமால் என்ற சத்தத்தையோகூடச் சொல்வார்கள்.

திரையில் இது எப்படி இருக்கும் தெரியுமா? முப்பது நொடிக்கு ஒரு பக்கம் என்று பதிவு ஓடிக்கொண்டிருக்கும். மூளை அலை மெல்ல மெல்லத் தளர்ந்து வரும். கண் அசைவுக் கோடு சோம்பேறித்தனமாக வளைந்து வளைந்து போகும். திடீரென்று எல்லா ஒயரிலும் ஒரே இடத்தில் கறுப்பாக ஒரு கீறல் விழும். பிறகு மூளை அலை விழிப்புக்குத் திரும்பிவிடும். கேமராவில் பார்த்தால் ஆள் தலையைத் தூக்கிச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி படுப்பார். காலையில் கேட்டால் பாதிப் பேருக்கு அது நினைவே இருக்காது.

கனவில் விழுவதால் உடம்பு உதறுகிறதா, உடம்பு உதறுவதால் கனவு வருகிறதா?

கண் அசந்த சில நிமிடத்தில் வருவதைக் கேட்டால், உதறல்தான் மூத்தது, கனவு அதன் தம்பி என்பது என் கட்சி. ஆராய்ச்சியாளர்கள் பலரும் அந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள். ஆனால் அனுபவிப்பவருக்கு வரிசை தலைகீழாகத் தெரியும். "படியில் இறங்கிக்கொண்டிருந்தேன், கால் வழுக்கியது, அதனால் உதறினேன்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அரைத்தூக்கத்தில் மூளை ஏற்கெனவே துண்டு துண்டாகப் படம் ஓட்டிக்கொண்டிருக்கும். அப்போது உடம்பிலிருந்து ஒரு பெரிய அதிர்வு வந்தால், அதற்கு ஒரு காரணத்தை அந்த நொடியிலேயே புனைந்து கதைக்குள் சேர்த்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் அல்ஃபிரெட் மோரி என்ற அறிஞர் எழுதி வைத்த கனவு ஒன்று இந்தத் துறையில் பழைய உதாரணம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தன்னைப் பிடித்து, விசாரித்து, தண்டனை விதித்து, கில்லட்டினுக்குக் கூட்டிப்போய்த் தலையை வெட்டுவதாக நீண்ட கனவு. விழித்துப் பார்த்தால் கட்டிலின் ஒரு பகுதி கழன்று கழுத்தில் விழுந்திருக்கிறது. அவ்வளவு பெரிய கதையும் அந்த ஒரு அடிக்காகப் பின்னப்பட்டது என்று மோரி முடிவுகட்டினார். அவர் எழுதியது பல ஆண்டு கழித்து, நினைவிலிருந்து. அதனால் முழுக்க நம்ப வேண்டியதில்லை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் சத்தத்தையும் தொடுதலையும் கனவு தனக்குள் இழுத்துக்கொள்ளும் என்பதில் சந்தேகமில்லை. அலாரம் அடித்தால் கனவில் கோயில் மணி அடிப்பது நம் எல்லோருக்கும் நடந்ததுதானே?

சரி, அதற்கு ஏன் "விழுதல்"? யாரோ தள்ளியதாகவோ ஷாக் அடித்ததாகவோ வரலாமே?

ஷாக் அடித்த மாதிரி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விழுதல்தான் அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது.

நாம் நிமிர்ந்து நிற்கிறோமா, சாய்கிறோமா என்பதை மூளை மூன்று இடத்திலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறது. கண் ஒன்று. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு இரண்டு. தசை, மூட்டு, பாதம், தோல் இவற்றிலிருந்து வரும் அழுத்தச் செய்தி மூன்று. படுத்துக் கண்ணை மூடியதும் முதல் ஆள் போய்விடுகிறார். அசையாமல் கிடந்தால் உள்காதுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தசை தளரத் தளர, மெத்தை முதுகில் படுகிற உணர்வும் மங்குகிறது. காலடியில் தரை இருக்கிறது என்று சொல்ல ஆளே இல்லாத அந்தச் சமயத்தில் உடம்பு ஒரே உதறாக உதறினால், மூளைக்குச் சட்டென்று கிடைக்கும் விளக்கம் "பிடி விட்டுப்போச்சு" என்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. கரண்ட் போன இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, படி முடிந்து தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்து, அங்கே இன்னும் ஒரு படி இருந்தால் எப்படி இருக்கும்? வயிறு ஒரு கணம் காலியாகி, கைகால் தானாக விறைத்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும். தூக்கத்தில் நடக்கும் உதறல் ஏறத்தாழ அதே மாதிரிதான் உடம்புக்குத் தெரியும். அதனால் கதையில் படி வருவதும், குழி வருவதும், கிணற்று மேடு வருவதும் வியப்பில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கும்போது தலை தொங்கி வெடுக்கென்று நிமிர்வது வேறு. அங்கே கழுத்துத் தசை தளர்ந்து தலை நிஜமாகவே விழுகிறது.

நான் விடியற்காலை நாலு மணிக்கு மலையிலிருந்து விழுவதாகக் கனவு கண்டு எழுகிறேன். இதுவும் அதேதானா?

இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இணையத்தில் பாதி விளக்கங்கள் பொருந்தாமல் போகின்றன.

படுத்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் வருவது ஒரு துண்டுக் காட்சி. கதை கிடையாது. நாலு மணிக்கு வருவது முழுக் கனவு. யாரோடு போனீர்கள், மலை எப்படி இருந்தது, ஏன் விளிம்புக்குப் போனீர்கள் என்றெல்லாம் உங்களால் சொல்ல முடியும். அது பெரும்பாலும் ரெம் தூக்கத்தில் வருவது. கண்கள் இமைக்குள் வேகமாக அலையும் கட்டம் அது. சுமார் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை வரும், விடிய விடிய நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று பாட்டி சொல்வது எந்த அளவுக்கு உண்மையோ, விடியற்காலைக் கனவுதான் நீளமானது, தெளிவாக நினைவில் நிற்பது என்பது உண்மை.

ரெம் தூக்கத்தில் மூளைத்தண்டு கைகால் தசைகளைப் பூட்டி வைத்துவிடும். கனவில் ஓடினாலும் கட்டிலில் ஓடக்கூடாது அல்லவா? தாடையில் நான் ஒட்டிய ஒயரின் கோடு அப்போது சீவினது போலத் தட்டையாக இருக்கும், இடையிடையே விரலோ உதடோ லேசாகத் துடிப்பது மட்டும் தெரியும். அதனால் அந்தக் கனவில் விழுந்துகொண்டிருக்கும்போது உடம்பு பெரிதாக உதறாது. பயம் ஏறி, இதயத் துடிப்பு கூடி, விழிப்பு வருகிற அந்தக் கணத்தில்தான் பூட்டு திறக்கும், ஆளும் திடுக்கிட்டு எழுவார். ஆக முதல் வகையில் உதறல் முந்தி, கனவு பிந்தி. இரண்டாவதில் கனவு முந்தி, உதறல் பிந்தி.

பூட்டு திறக்கச் சில நொடி தாமதமானால்? கண் விழித்தும் கைகால் அசையாது. நம் ஊரில் அதைத்தான் அமுக்குவான் பேய் என்கிறார்கள்.

தரையில் மோதும் முன்பே ஏன் விழிப்பு வந்துவிடுகிறது? மோதினால் உயிர் போய்விடும் என்கிறார்களே?

அப்படிச் செத்துப்போனவர் யாரும் திரும்பி வந்து கனவைச் சொல்லியிருக்க முடியாது, அப்புறம் இந்தச் செய்தி எப்படிப் பரவியது? தரையில் விழுந்ததாகக் கனவு கண்டவர்கள் நிறையப் பேர். பஞ்சு மாதிரி இருந்தது என்பார்கள், விழுந்ததும் காட்சி மாறி ஸ்கூலில் உட்கார்ந்திருந்தேன் என்பார்கள். வலியைச் சொல்பவர் குறைவு.

பெரும்பாலோர் அதற்குள் விழித்துவிடுவதற்குக் காரணம், விழுகிற பயத்தின் உச்சம் மோதலில் இல்லை, மோதப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பில் இருக்கிறது. அங்கேயே உடம்பின் எச்சரிக்கை மணி அடித்துவிடுகிறது.

மரத்தில் குரங்காக வாழ்ந்த காலத்து மிச்சம் இது என்று படித்தேனே?

கிளையில் தூங்கும்போது தசை தளர்ந்தால் விழுந்துவிடுவோம், அதனால் மூளை உதறி எழுப்பியது என்ற கதை. கேட்க நன்றாக இருக்கிறது. சோதித்துப் பார்க்க வழியில்லாத ஊகம் அது. கிளையில் படுத்திருப்பவனை அப்படி உதறினால் விழாமல் இருப்பானா, விழுவானா என்றும் எனக்குக் கேட்கத் தோன்றும்.

டென்ஷன் இருக்கும் நாட்களில் இது அதிகமாக வருகிறது. ஏன்?

அந்த ஏற்றப்பலகையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். கவலையோடு படுத்தால் விழிப்புப் பக்கத்தில் யாரோ கூடுதலாக உட்கார்ந்த மாதிரி. நாராட்ரினலின் போன்ற விழிப்புச் சுரப்புகள் தணியவில்லை, நாடித்துடிப்பு இறங்கவில்லை. ஆனால் உடம்போ களைத்துப்போய்த் தூக்கத்தின் பக்கம் இழுக்கிறது. பலகை நிலைக்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். நிம்மதியாக இருக்கும் நாளில் ஒரே ஒரு தடவை தூக்கத்துக்குள் நுழைவீர்கள். கவலை நாளில் ஐந்தாறு தடவை வாசல்வரை போய்த் திரும்புவீர்கள். உதறல் வாசலில்தான் நடக்கிறது என்பதால் ஐந்தாறு தடவை அதற்கு வாய்ப்பு.

அதோடு முந்தைய நாட்களின் தூக்கக் கடனும் சேரும். சரியாகத் தூங்காதவர் படுத்ததும் சடாரென்று உள்ளே இழுக்கப்படுவார், அந்த வேகமான இறக்கத்திலும் உதறல் கூடும். பிறகு "ஐயோ, இன்றைக்கும் உதறுமோ" என்ற பயமே இன்னொரு கவலையாக வந்து உட்காரும். மூன்றாவது வாரத்தில் எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு ஆரம்பக் கவலை தீர்ந்துபோயிருக்கும், உதறலைப் பற்றிய கவலை மட்டும் மிச்சமிருக்கும்.

விடியற்காலைக் கனவுக்கு வேறு கணக்கு. கவலைப்படுகிறவருக்குப் பயக் கனவு கூடுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தூக்கம் உடைந்து உடைந்து போவதால் கனவின் நடுவிலேயே விழித்துக்கொள்கிறார். கனவின் நடுவில் விழித்தால்தான் அது நினைவில் இருக்கும். ஆக "கனவு அதிகமாகிவிட்டது" என்பவருக்குச் சில சமயம் கனவு கூடியிருக்காது, நினைவில் நிற்பதுதான் கூடியிருக்கும்.

விழுகிற கனவு வந்தால் வேலை போகும், பணம் போகும் என்றெல்லாம் அர்த்தமா?

அப்படி ஒன்றுக்கு ஒன்று அகராதி போட முடியாது. கனடாவில் 2003-இல் வெளிவந்த ஆய்வொன்றில் 1181 கல்லூரி மாணவர்களைக் கேட்டார்கள். ஏறத்தாழ 74 சதவீதம் பேர் ஒருமுறையாவது விழும் கனவு கண்டிருக்கிறார்கள். அதற்கு முன் 1958-இல் ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்ட ஆய்விலும் இரு நாட்டிலும் பெரும்பாலோர் கண்டிருந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு வருகிற ஒன்று ஒரு குறிப்பிட்ட கஷ்டத்தின் அடையாளமாக இருக்க முடியாது. ஃப்ராய்டு இதற்கு, முக்கியமாகப் பெண்களின் விழும் கனவுக்கு, காமத்தில் சறுக்குவதாகப் பொருள் சொன்னார். அதை இன்று தூக்கத் துறையில் யாரும் கையில் எடுப்பதில்லை.

அர்த்தமே கிடையாது என்றும் சொல்ல மாட்டேன். பகலில் மனதை அரிக்கும் விஷயங்கள் இரவில் தொடர்கின்றன என்பது கால்வின் ஹால் தொடங்கிப் பல ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான கனவுப் பதிவுகளை வைத்துச் சொன்னது. தன் வாழ்க்கை தன் கையில் இல்லை, தன்னால் எதுவும் முடியவில்லை, தன்னோடு யாரும் ஒட்டவில்லை என்ற உணர்வு உள்ளவர்களுக்கு விழுதல், தோற்றல், தாக்கப்படுதல் போன்ற கனவுகள் கூடுதலாக வருவதாக நெட்டா வைன்ஸ்டீன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் கண்டார்கள். கவனியுங்கள், விழும் கனவை மட்டும் அவர்கள் தனியாகப் பிரிக்கவில்லை. "பிடிமானம் இல்லை" என்ற உணர்வு ஒருவருக்கு விழுதலாக வரும், இன்னொருவருக்குப் பரீட்சை ஹாலில் பேனா எழுதாமல் போவதாக வரும்.

அதனால் ஒருமுறை வந்ததைப் பெரிதுபடுத்த வேண்டாம். அதே இடம், அதே விளிம்பு என்று வாரம் இரண்டு மூன்று முறை வந்தால், எழுந்த பிறகு நெஞ்சில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கலாம். பயமா, அவமானமா, யாரையோ கைவிட்ட உணர்வா? கனவின் காட்சியைவிட இந்த மிச்சம் அதிகம் சொல்லும்.

எனக்கு என்ன கவலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாமே கவலையாகத்தான் இருக்கிறது.

என் பெரியப்பா மகனின் கதையைச் சொல்கிறேன், அவனிடம் கேட்டுவிட்டுத்தான். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். "அண்ணா, தூங்கவே விட மாட்டேங்குது, ஒயர் ஒட்டிப் பார்த்துடலாமா?" என்று போன் செய்தான். ஒயர் வேண்டாம், முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு என்றேன்.

இரண்டு வாரம் எழுதினான். படுத்த நேரம், கடைசி டீ குடித்த நேரம், உதறல் வந்த நேரம், கூடவே என்ன தெரிந்தது, எழுந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது என்ன. நேரத்தைத் துல்லியமாக எழுதக் கூடாது, மணியைப் பார்ப்பதே தூக்கத்தைக் கெடுக்கும், குத்துமதிப்பாகக் காலையில் எழுது என்றும் சொல்லியிருந்தேன்.

நோட்டைப் பிரித்தால் இரண்டு கட்சி தனித்தனியாகத் தெரிந்தது. படுத்த கொஞ்ச நேரத்தில் வந்த உதறல்கள் ஒன்பது. அதில் எட்டு, ஷிப்மென்ட் நெருங்கிய நாட்கள். அந்த நாட்களில் ஏழு மணிக்கு ஒரு டீ, ஒன்பது மணிக்கு ஒரு டீ, பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து நேராகப் படுக்கை. காட்சி ஒவ்வொன்றும் வேறு: ஒருநாள் பைக் பள்ளத்தில் இறங்கியது, ஒருநாள் ஸ்டூல் சாய்ந்தது. இதில் மனசைத் தோண்ட ஒன்றும் இல்லை.

நாலு மணிக் கனவு நான்கு முறை. நான்கும் ஒன்றே: சொந்த வீட்டு மொட்டைமாடி, கைப்பிடிச் சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை, பின்னால் யாரோ கூப்பிடத் திரும்புகிறான், விழுகிறான். ஷிப்மென்டுக்கும் இதற்கும் தேதி பொருந்தவில்லை. எழுந்ததும் நினைவுக்கு வந்தது என்ற கட்டத்தில் மூன்று நாள் "ஒண்ணுமில்ல" என்று எழுதியிருந்தான். ஒருநாள் மட்டும் ஒரு பெயர். யார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். நண்பன் ஒருவனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறான், நண்பன் மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை, வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சுவர் இல்லாத மாடி அந்தக் கையெழுத்தைத்தான் குறிக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதைச் சொன்னது கனவு இல்லை, அவன்தான். கனவு செய்ததெல்லாம் எழுந்த நேரத்தில் மனம் எங்கே போய் நிற்கிறது என்று காட்டியது.

டீயை நாலு மணியோடு நிறுத்தினான், வந்ததும் படுக்காமல் அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தான். பத்துப் பன்னிரண்டு நாளில் உதறல் அரிதாகிவிட்டது. மாடிக் கனவு அதற்கெல்லாம் அசையவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டு, வங்கியில் போய்ப் பேசின பிறகு மாதம் ஒருமுறை என்று குறைந்திருக்கிறது. கடன் இன்னும் தீரவில்லை.

காபி, டீக்கும் இதற்கும் அவ்வளவு தொடர்பா?

முதல் வகைக்கு உண்டு. குடித்த காஃபின் பாதியாகக் குறைய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதல். ராத்திரி ஏழு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியின் பாதி, பன்னிரண்டு மணிக்கு உங்களோடு படுத்திருக்கும். "எனக்குக் காபி குடிச்சாதான் தூக்கமே வரும்" என்பவர்களுக்கும் இது பொருந்தும், தூக்கம் வரும், வாசலில் ஆட்டம் கூடும். படுக்கும் நேரத்தை ஒட்டிக் கடுமையான உடற்பயிற்சி செய்வதும் இதே வேலையைச் செய்யும். சிகரெட்டும் சேர்த்திதான்.

டாக்டர் கொடுத்த மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் உதறல் வந்தது. நிறுத்திவிடலாமா?

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளில் சிலருக்கு இப்படி வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் கெட்ட கனவும் இன்னும் மோசமாக வரலாம். எழுதிக் கொடுத்தவரிடமே சொல்லுங்கள். அளவையோ நேரத்தையோ மருந்தையோ மாற்றிக் கொடுப்பார்கள்.

என் கைக்குழந்தை தூக்கத்தில் கையை விரித்துத் திடுக்கிடுகிறது. குழந்தையும் விழுவதாகக் கனவு காண்கிறதா?

இது மோரோ அனிச்சைச் செயல். தலை லேசாகச் சரிந்தாலோ சத்தம் கேட்டாலோ கையை விரித்து, பிறகு எதையோ பிடிப்பது போல உள்ளே இழுக்கும். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் தானாக மறையும். பயந்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவது உங்கள் விருப்பம். ஆனால் விழித்திருக்கும்போதும் கைகால் வரிசையாக, கொத்துக் கொத்தாக வெட்டினால் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு விஷயம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

உதறல் தூங்கப் போகும்போது ஓரிரு முறை வந்து நின்றுவிட்டால் தேவையில்லை. தூங்கவே விடாமல் வரிசையாக வந்துகொண்டே இருந்தால், வயிறும் முதுகும் மடங்குவது போல இருந்தால், காட்டுங்கள். தூங்கிய பிறகு கால் மட்டும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை என்று கணக்காக இழுத்தால் அது வேறு கோளாறு, பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்லுவார். நாக்கைக் கடித்திருந்தால், படுக்கை நனைந்திருந்தால், எழுந்ததும் குழப்பமாக இருந்தால் வலிப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியவை இரண்டு. மூச்சு முட்டி, "பாதாளத்தில் விழுந்தேன்" என்று எழுபவர் சத்தமாகக் குறட்டை விடுகிறவராகவும் பகலில் தூங்கி வழிகிறவராகவும் இருந்தால், அங்கே விழுதல் ஒரு சாக்குத்தான். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, ஐம்பது வயது தாண்டியவர் கனவில் நடப்பதை நிஜமாகவே செய்தால்: கத்துவது, உதைப்பது, குதித்துக் கட்டிலிலிருந்து விழுவது. ரெம் தூக்கத்தின் பூட்டு பழுதாகியிருக்கிறது என்று பொருள். பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களுக்குப் பல ஆண்டு முன்பே இது தலைகாட்டுவதுண்டு. நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் போக வேண்டும். அதுவரை கட்டிலை விட்டுத் தரையில் பாய் போட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

அதே விழும் கனவு விடாமல் வருகிறது. காரணம் தெரிந்தும் நிற்கவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், அதுவும் பகலில். பயக் கனவுகளுக்குப் பேரி கிராகோ என்ற அமெரிக்க மருத்துவர் பெரிய அளவில் சோதித்துக் காட்டிய முறை ஒன்று இருக்கிறது. கனவைத் தாளில் எழுதுங்கள். பிறகு எந்த இடத்தில் வேண்டுமானாலும், உங்களுக்குத் தோன்றியபடி மாற்றுங்கள். நல்ல முடிவாக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை, மாறியிருந்தால் போதும். மாற்றிய கனவை மட்டும், பழையதைத் தொடாமல், தினம் பத்திலிருந்து இருபது நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். சில வாரம் ஆகும். பலர் செய்யும் தப்பு, படுக்கையில் படுத்துக்கொண்டு செய்வது, அல்லது பழைய கனவிலிருந்து ஆரம்பிப்பது. விபத்திலோ வன்முறையிலோ நிஜமாகவே சிக்கியவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், மனநல மருத்துவரோடு செய்வது நல்லது.

படுத்ததும் வருகிற உதறலுக்கு இது பயன்படாது. அங்கே மாற்றுவதற்குக் கதையே கிடையாது.

என் தம்பிக்கும் இதைச் சொன்னேன். மொட்டைமாடிக் கனவில் என்ன மாற்றினாய் என்று போன வாரம் கேட்டேன். சுவர் கட்டியிருப்பான் என்று நினைத்தேன். "இல்லண்ணா, கூப்பிட்டா திரும்பறதில்ல" என்றான்.